நாலு மார்க் வாங்கிய இரண்டு பிள்ளைகள்

என் பேத்தி நாலாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் பள்ளியில் சொல்வதெழுதுதல் வைத்தார்கள். பத்துச் சொல், பத்து மதிப்பெண். நாலு வாங்கி வந்தாள். தாளின் மேலே சிவப்பு மையில் ஒரு நாலு, அடியில் "தவறானவற்றைப் பத்து முறை எழுதுக" என்று ஒரு வரி. எதிர்வீட்டுப் பையனும் அவள் வகுப்புதான். அவனுக்கும் நாலு. அவன் தாளிலும் அதே வரி.

வேலை எதுவும் இல்லாத கிழவன் நான். இரண்டு தாள்களையும் வாங்கி, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கேட்ட சொற்கள் இவை: பழம், பள்ளி, அறை, வாழை, கிணறு, மணி, பறவை, நிலவு, குடம், வீடு.

பேத்தி தப்பாக எழுதியவை: பளம், அரை, வாளை, கினரு, மனி, பரவை.

எதிர்வீட்டுப் பையன் தப்பாக எழுதியவை: பளி, அற, வழை, பறவ, கொடம், விடு.

நிதானமாகப் பாருங்கள். பேத்திக்கு நெடில், குறில், ஒற்று எதிலும் ஒரு பிழை கிடையாது. ழ, ற, ண வந்த இடமெல்லாம் விழுந்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பையனோ ழ, ற, ண மூன்றையும் ஒரு இடத்தில்கூடத் தவறவிடவில்லை. கிணறு என்பதைச் சரியாக எழுதியிருக்கிறான். ஆனால் வீட்டை விடு ஆக்கிவிட்டான், பள்ளியில் ஒரு ஒற்றை விழுங்கிவிட்டான். ஒருத்திக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரிந்தது இவளுக்குத் தெரியாது. இருவருக்கும் ஒரே மார்க், ஒரே மருந்து. காய்ச்சல்காரனுக்கும் கால் சுளுக்கியவனுக்கும் ஒரே மாத்திரை கொடுத்த மாதிரி.

பேத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, வாளைன்னா மீன்தானே? அப்போ நான் எழுதினது எப்படித் தப்பு?"

நியாயமான கேள்வி. வாளை மீன்தான். அரை என்றால் பாதி. பரவை என்றால் கடல், பழைய தமிழ்ச் சொல். அவள் "தப்பாக" எழுதிய ஆறில் மூன்று நல்ல தமிழ்ச் சொற்கள். வாக்கியம் எதுவும் இல்லாமல் ஒற்றைச் சொல்லை மட்டும் வாசித்தால், வாழை மரமா வாளை மீனா என்று கடற்கரை ஊர்ப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? எங்கள் ஊர் வாய்களில் இரண்டும் ஒரே ஒலியாகத்தானே வருகின்றன.

இதைவிட என்னைத் தைத்தது வேறொன்று. அடுத்த வாரம் "எங்கள் வீட்டுத் தோட்டம்" என்று கட்டுரை எழுதினாள். எங்கள் கொல்லையில் மூன்று வாழை மரங்கள் இருக்கின்றன, தென்னை ஒன்றுகூடக் கிடையாது. அவள் கட்டுரையில் தென்னை இருந்தது, வாழை இல்லை. ஏன் என்று கேட்டேன். "தென்னையில தப்பு வராது தாத்தா" என்றாள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பிழைக்குப் பயந்து கண் முன்னால் நிற்கும் மரத்தை எழுதாமல் விடுகிறது குழந்தை.

எனக்கு இந்தப் பயம் புதிதல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்களுக்கு வாரா வாரம் 'திக்தே' உண்டு, அதாவது பிரெஞ்சில் சொல்வதெழுதுதல். ஐந்து பிழை என்றால் சுழியம். ஐந்து செய்தவனுக்கும் சுழியம், இருபத்தைந்து செய்தவனுக்கும் சுழியம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இருபத்தைந்திலிருந்து பத்துக்கு இறங்கியபோதும் அவன் தாளில் அதே முட்டைதான் இருந்தது. பிறகு அவன் முயல்வதை விட்டுவிட்டான்.

ஆனால் அதே திக்தேயில் இரண்டு நல்ல பழக்கங்களும் இருந்தன. எங்கள் ஆசிரியர் இலக்கணப் பிழைக்கு முழுப் பிழை என்றும், எழுத்தின் தலையில் போடும் குறியை விட்டால் அரைப் பிழை என்றும் கணக்கு வைப்பார். பிழைகளில் வகை உண்டு என்பதை நான் அங்கேதான் முதலில் கற்றேன். இன்னொன்று, ஒரே சொல்லில் அதே பிழை மூன்று முறை வந்தாலும் ஒரு பிழையாகத்தான் எண்ணுவார். தெரியாதது ஒன்றுதானே, அதற்கு எதற்கு மூன்று அடி?

இந்த அனுபவத்தை வைத்து, தமிழுக்கு ஒரு முறையை நானே எழுதிப் பார்த்தேன். நான் வாத்தியார் அல்ல, ஓய்வு பெற்ற குமாஸ்தா. குமாஸ்தாவுக்குத் தெரிந்தது இனவாரியாகப் பிரித்துக் கணக்கு எழுதுவது. அதைத்தான் செய்தேன்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளை நான்கு இனமாகப் பிரிக்கலாம். பிழையின் உருவத்தை வைத்துப் பிரிக்கவில்லை. எதனால் வருகிறது என்பதை வைத்துப் பிரித்தேன்.

முதலாவது காதுப் பிழை. ஒலியைக் கவனித்துக் கேட்டால் தவிர்த்திருக்கலாம். வீடு, விடு ஆவது, பள்ளி, பளி ஆவது, புள்ளி விடுபடுவது. எ, ஏ குழப்பமும் ஒ, ஓ குழப்பமும் இதில்தான் சேரும்.

இரண்டாவது பேச்சுப் பிழை. வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுவது. குடம் கொடம் ஆகும், இலை எலை ஆகும், இடம் எடம் ஆகும். சொல்லின் கடைசியில் வரும் ஐகாரம் தேய்ந்து பறவை பறவ ஆகும். பிள்ளை தன் காதுக்கு உண்மையாகத்தான் எழுதுகிறது. எழுத்துத் தமிழ் வேறு என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

மூன்றாவது நினைவுப் பிழை. ல, ள, ழ, ர, ற, ன, ண. நம்மில் பலர் இவற்றை வேறுபடுத்திச் சொல்வதில்லை. அதனால் காது உதவாது. மணியில் எந்த ணகரம் என்பதற்கு விதியும் கிடையாது. அந்தச் சொல்லைப் பார்த்துப் பழகி மனத்தில் வைத்திருக்க வேண்டும், வேறு வழி இல்லை.

நான்காவது விதிப் பிழை. இங்கும் காது உதவாது, ஆனால் எழுத்து நிற்கும் இடம் உதவும். த-வுக்கு முன்னால் ந்தான் வரும், ட-வுக்கு முன்னால் ண்தான், ற-வுக்கு முன்னால் ன்தான். வந்து, கண்டு, நின்று. இதற்கு நினைவு வேண்டாம், மூன்று வரி விதி போதும். ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது என்பதும் அப்படித்தான். முயற்சி சரி, முயற்ச்சி தவறு. காட்சி சரி, காட்ச்சி தவறு. பெரிய விளம்பரப் பலகைகளிலேயே இந்தப் பிழையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மகிழ்ச்சி, வளர்ச்சி என்று ழ், ர் வந்தால் ச் வரும். அந்தப் பழக்கத்தில்தான் பயிற்சியிலும் ஒரு ச் நுழைந்துவிடுகிறது. வெந்நீர், முந்நூறு, அநியாயம் மாதிரிச் சொற்களில் ந வேறு இடங்களிலும் வரும் என்பது உண்மைதான். அவற்றை நாலாம் வகுப்புத் தேர்வில் வைக்காமல் இருந்தால் போயிற்று.

கா, பே, நி, வி. நான்கே எழுத்து, ஞாபகம் வைப்பது சுலபம்.

அடுத்து, தேர்வு. ஒற்றைச் சொற்களை விட்டுவிட்டுச் சின்னப் பத்தியாக எழுதினேன். நான்கு இனத்துக்கும் ஐந்தைந்து இடம் வருமாறு பார்த்துக்கொண்டேன். பத்தி இது:

"மழை விட்டதும் தெருவுக்கு ஓடினோம். மரத்தின் கிளையில் பட்டம் ஒன்று சிக்கி நின்றது. அதை எடுக்கத் தம்பி முயற்சி செய்தான். இலைகள் உதிர்ந்தன. மேலே இருந்த பூனை பயந்து ஓடியது. மணலில் ஒரு சிறிய குடை உடைந்து கிடந்தது. அந்தக் காட்சியைக் கண்டு பாட்டியும் சிரித்தாள். எங்களுக்கு விளையாட இடம் கிடைத்தது."

முப்பத்தேழு சொல். நாலாம் வகுப்புக்கு இது போதும். நான் முன்கூட்டியே குறித்து வைத்த இருபது இடங்கள்:

கா: ஓடினோம், பட்டம், மேலே, பூனை, பாட்டியும்.
பே: இலைகள், குடை, உடைந்து, இடம், கிடைத்தது.
நி: மழை, மரத்தின், கிளையில், மணலில், சிறிய.
வி: நின்றது, முயற்சி, பயந்து, காட்சியை, கண்டு.

ஒவ்வொரு சொல்லிலும் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க வேண்டும். மழை என்பதில் ழகரம் மட்டும். குடை என்பதில் முதல் எழுத்து மட்டும். இடம் சரியாக இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம். கழித்தல் கிடையாது. குறிக்காத இடத்தில் பிழை வந்தால் வட்டம் போட்டுக் காட்டலாம், மதிப்பெண்ணில் கை வைக்கக் கூடாது. கடைசியில் நான்கு எண்களையும் தனித்தனியே எழுத வேண்டும், கூட்டுத்தொகையை அதற்குப் பிறகு.

ஏன் இடத்தை எண்ண வேண்டும், பிழையை எண்ணினால் போதாதா என்று கேட்கலாம். ஒரு பிள்ளை மூன்று றகரப் பிழை செய்திருக்கிறது என்று மட்டும் சொன்னால் ஒன்றும் புரியாது. அந்தப் பத்தியில் றகரம் நான்கே இடத்தில் வந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு றகரம் தெரியவே தெரியாது என்று பொருள். இருபது இடத்தில் வந்திருந்தால் பெரும்பாலும் தெரியும், மூன்று சொல்தான் பாக்கி. பள்ளியில் வைத்த பத்துச் சொல் தேர்வில் ழ, ற, ண வந்த சொற்கள் ஆறு. அதனால்தான் பேத்தி ஒரே குறையால் ஆறு மார்க்கை இழந்தாள். சொற்களை வேறு மாதிரிப் பொறுக்கியிருந்தால் அவளே எட்டு வாங்கியிருப்பாள். அந்த மார்க் அவளைப் பற்றிச் சொன்னதைவிடச் சொற்களைப் பொறுக்கியவரைப் பற்றித்தான் அதிகம் சொன்னது.

வாசிக்கும் முறையை எங்கள் பழைய திக்தேயிலிருந்து எடுத்துக்கொண்டேன். முதலில் பத்தி முழுவதையும் ஒரு முறை வாசிக்க வேண்டும், பிள்ளைகள் பேனாவைத் தொடக் கூடாது. என்ன நடக்கிறது என்று கதை புரிந்துவிட்டால் மழையா மலையா என்ற சந்தேகம் வராது. பிறகு மூன்று நான்கு சொற்களாக, ஒவ்வொரு தொடரையும் இரண்டு முறை. கடைசியில் மறுபடி முழுவதும். அதன் பிறகு இரண்டு நிமிடம் சும்மா விட வேண்டும், திருத்திக்கொள்ள. புத்தகத்தை வாசிக்கிற மாதிரி வாசித்தால் போதும். "பா...ட்டி" என்று இழுத்துக் காட்டினாலோ, நாக்கை மடித்து "மழை" என்று அழுத்திச் சொன்னாலோ, விடையையே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். வீட்டுப் பேச்சு மாதிரி வாசித்தால் பேச்சுப் பிழைக்கு நாமே வழி விட்டதாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் திண்ணையில் உட்கார வைத்து எழுத வைத்தேன். பேத்தி: கா 5, பே 5, நி 1, வி 3, மொத்தம் 14. எதிர்வீட்டுப் பையன்: கா 2, பே 2, நி 4, வி 4, மொத்தம் 12. பேத்தி எழுதிய விதிப் பிழைகள் நின்ரது, முயற்ச்சி.

இப்போது மருந்து வேறு வேறு. பையனின் பூனையில் பகரம் குறிலாக இருந்தது, புனை என்று. அவன் எழுதியதை அவனையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். "பூனை" என்று நெடிலாகவே வாசித்தான். காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, கைதான் அவசரப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. எழுதி முடித்ததும் விரலை வைத்து, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசிக்கப் பழக்கினால் இந்தப் பிழை குறையும். குறிலாகவே வாசித்திருந்தால் கதை வேறு. கேட்பதிலேயே குழப்பம் இருக்கும். கடைசி பெஞ்சில் உட்காருகிறானா, காதில் ஏதும் கோளாறா என்று பார்க்க வேண்டியிருக்கும். அவனுடைய எலைக்கும் கொடைக்கும் நல்ல மருந்து, கதைப் புத்தகத்தைத் தினம் ஒரு பக்கம் வாய்விட்டு வாசிப்பது.

பேத்திக்கு விதிப் பிழைகள் ஒரே மாலையில் சரியாகிவிட்டன. ன்-னுக்குப் பின்னால் ற, ற்-றுக்குப் பின்னால் புள்ளி இல்லை, அவ்வளவுதான். நினைவுப் பிழைக்குத்தான் நாள் ஆகும். அதற்கு என் பழைய அலுவலகத்தில் கற்ற வைத்தியம் ஒன்று உண்டு.

வேலையில் சேர்ந்த புதிதில் என் தமிழ் நொண்டித் தமிழ். ஒருவரைப் பற்றிய குறிப்பில் "பனியில் சேர்ந்த நாள்" என்று எழுதி மேலே அனுப்பிவிட்டேன். எங்கள் மூத்த எழுத்தர் கூப்பிட்டு, "ஏன் தம்பி, மார்கழியிலா சேர்ந்தார்?" என்றார். அறையே சிரித்தது. ஆனால் அவர் பத்து முறை எழுதச் சொல்லவில்லை. நான் அடிக்கடி எழுத வேண்டிய ணகரச் சொற்களை ஒரு தாளில் குடும்பம் குடும்பமாக எழுதிக் கொடுத்தார். பணி, பணியாளர், பணிவு, பணிமூப்பு என்று ஒரு வரி. பனி, பனித்துளி, பனிக்காலம் என்று அதற்கு எதிரே ஒரு வரி. அந்தத் தாளை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினேன். ஒரு வருடம் அது அங்கேயே இருந்தது. பிறகு தேவைப்படவில்லை.

பேத்தியின் மேசையிலும் இப்போது அப்படி ஒரு தாள் இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து சொல், அதற்கு மேல் வேண்டாம். மழை, மழைக்காலம், மழைத்துளி ஒரு பக்கம். மலை, மலையடிவாரம் ஒரு பக்கம். முதல் வரியில் வாழையும் வாளையும் எதிரெதிரே இருக்கின்றன. மீனையும் மரத்தையும் அவளே படமாக வரைந்திருக்கிறாள்.

இதை என் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். இரண்டு கேள்வி கேட்டார். ஒன்று, "எடுக்கத் தம்பி, அந்தக் காட்சியைக் கண்டு என்று வல்லினம் மிகும் இடங்கள் மூன்று இருக்கின்றனவே, ஒன்றுக்கும் மார்க் இல்லையா? தமிழ் என்ன ஆவது?" அவற்றை வட்டமிட்டுக் காட்டச் சொல்கிறேன், மார்க்கில் சேர்க்க வேண்டாம் என்கிறேன். வேற்றுமை உருபு என்ன என்றே இன்னும் படிக்காத பிள்ளையிடம் சந்தி கேட்டு மார்க்கைக் குறைப்பது, பாடம் நடத்தாமல் பரீட்சை வைப்பது மாதிரி. கற்றுக் கொடுத்த பிறகு ஐந்தாவது இனமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவர் அரை மனத்தோடு தலையாட்டினார்.

இரண்டாவது கேள்வி, "நாற்பது பிள்ளை இருக்கிற வகுப்பில் யார் இதையெல்லாம் எண்ணுவது?" இது நியாயம். ஆனால் இடங்கள் முன்பே குறித்திருப்பதால் இருபது சொல்லைத் தேடிப் பார்த்தால் போதும். நான் திருத்தியபோது ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம் ஆனது. வாரா வாரம் வேண்டாம், பருவத்துக்கு இரண்டு முறை போதும். நாற்பது தாளையும் கூட்டிப் பார்த்து, முயற்சியில் முப்பது பேர் தப்பு என்றால், குறை பிள்ளைகளிடம் இல்லை, அந்த விதி வகுப்பில் இன்னும் சொல்லப்படவில்லை என்று தெரிந்துவிடும். ஆசிரியருக்கு அதைவிடப் பயனுள்ள கணக்கு என்ன இருக்கிறது?

என் முறையின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஓர் இனத்துக்கு ஐந்து இடம் என்பது குறைவு. ஐந்தில் ஒன்று தவறினால் அது கவனக்குறைவாகக்கூட இருக்கலாம். நாலு, மூன்று என்ற வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கக் கூடாது. வேறு வேறு பத்திகளாக மூன்று முறை வைத்து, பதினைந்து இடங்களைச் சேர்த்துப் பார்த்த பிறகுதான் ஒரு பிள்ளையைப் பற்றி உறுதியாகப் பேசலாம். ஆனால் ஐந்துக்கு ஒன்று என்றால் ஒரு முறையே போதும், எங்கே கை கொடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

நேற்று பேத்தி இன்னொரு கட்டுரை எழுதினாள். "வாழை மரத்தில் குலை தள்ளி இருக்கிறது, அனில் வந்து தின்கிறது" என்று ஒரு வரி. அணிலுக்கு மூன்று சுழி போட மறந்துவிட்டாள். நான் அதைத் திருத்தவில்லை. அடுத்த வாரத் தாளில் அணிலைச் சேர்த்துக்கொள்ளலாம்.